விற்றால்தான் பணம்: டேக்கில் விலை எழுதுமுன் கவனிக்க வேண்டியவை

கையால் பை தைப்பவர்கள், கம்மல் செய்பவர்கள், மெழுகுவர்த்தி ஊற்றுபவர்கள் பலரும் பூட்டிக் கடைகளில் பொருள் வைப்பது ஒரே முறையில்தான். பொருளைக் கொடுத்துவிட்டு வருவோம். விற்றால் கடைக்காரர் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார். விற்காவிட்டால் பொருள் நம்மிடமே திரும்பும். கன்சைன்மென்ட் என்று சொல்வது இதைத்தான். விற்கும்வரை பொருள் செய்தவருக்கே சொந்தம். கடைக்காரர் முதல் போடுவதில்லை, அலமாரியில் இடமும் விற்க ஆளும் தருகிறார்.

கடை எவ்வளவு பங்கு கேட்கிறது என்பதில்தான் எல்லோரும் பேரம் பேசுகிறார்கள். ஆனால் நஷ்டம் பெரும்பாலும் அங்கே வருவதில்லை, டேக்கில் விலை எழுதும் கணக்கில்தான் வருகிறது. ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு பார்ப்போம். கைத்தறிப் பருத்தித் துணி, உள்ளே லைனிங், மேலே ஜிப், தோளில் மாட்டப் பட்டை. கடையின் பங்கு 35 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

அடக்கவிலையில் விட்டுப்போவது

துணி 120 ரூபாய். லைனிங் 35. ஜிப், ரன்னர், பட்டை, நூல் எல்லாம் சேர்த்து 30. லேபிளும் டேக்கும் 10. நிறையப் பேர் இந்த 195 ரூபாயோடு நிறுத்திவிடுகிறார்கள். "நான்தானே தைக்கிறேன், கூலி எதற்கு?" என்பது அவர்கள் வாதம். ஆர்டர் கூடி, பக்கத்துத் தெருவில் ஒரு அக்காவிடம் தைக்கக் கொடுக்க வேண்டி வந்தால், அன்றே கணக்கு கவிழ்ந்துவிடும். வெளியில் கொடுத்தால் என்ன கூலியோ அதை முதல் பையிலேயே சேர்த்துவிட வேண்டும். இந்தப் பைக்கு அது 120. ஆக 315. கடைக்குக் கொண்டுபோகும் செலவு பைக்கு 8 என்றால் 323.

கன்சைன்மென்டுக்கே உரிய இன்னொரு செலவும் உண்டு. அதை யாரும் எழுதி வைப்பதில்லை. இருபது பை கொடுத்தால் இருபதும் விற்காது. கண்ணாடி ஓரம் இருந்தது ஒரு பக்கம் வெளுத்துப்போயிருக்கும். பத்துப் பேர் திறந்து மூடிப் பார்த்ததில் ஒன்றின் ஜிப் தளர்ந்திருக்கும். திரும்பி வருவதில் பாதியைத் துவைத்து, தேய்த்து வேறு கடைக்குக் கொடுக்கலாம், மீதி தேறாது. இருபதுக்கு ஒன்று வீணாகும் என்று கொண்டால், அந்த ஒன்றின் 323 ரூபாயை மற்ற பத்தொன்பது பைகள்தான் சுமக்க வேண்டும். பைக்கு 17 ரூபாய் கூடும். உண்மையான அடக்கம் 340. இதற்கு மேல் 50 ரூபாய் லாபம் வேண்டும் என்றால், ஒரு பை விற்றதும் நம் கைக்கு வர வேண்டியது 390.

கூட்டாதீர்கள், வகுங்கள்

இனிதான் முக்கியமான தவறு. கையில் 390 வேண்டும், கடைக்கு 35 சதவீதம். கால்குலேட்டரில் 390 போட்டு, 35 சதவீதம் கூட்டுகிறார்கள். 526.50 வருகிறது. 530 என்று டேக் எழுதிவிடுகிறார்கள்.

கடைக்காரர் 35 சதவீதத்தை எடுப்பது உங்கள் 390-இல் இருந்து இல்லை, டேக்கில் இருக்கும் 530-இல் இருந்து. அவருக்கு 185.50 போகிறது. உங்களுக்கு வருவது 344.50. அடக்கமே 340 ஆயிற்றே! 50 ரூபாய் என்று நினைத்திருந்த லாபத்தில் நாலரை ரூபாய்தான் மிச்சம். தவறு என்றுகூடத் தெரியாமல் இப்படியே ஒரு வருஷம் ஓட்டலாம். பணம் மாதாமாதம் வந்துகொண்டுதான் இருக்கும், நஷ்டமும் கண்ணில் படாது. துணி விலை கொஞ்சம் ஏறும்போதுதான் ஏன் கையில் காசே நிற்கவில்லை என்று யோசிப்போம்.

சரியான வழி வகுத்தல். கடைக்கு 35 போனால் உங்களுக்கு மிஞ்சுவது 65. 390-ஐ 0.65-ஆல் வகுத்தால் 600. அதில் 35 சதவீதம் 210 கடைக்கு, 390 உங்களுக்கு. பங்கு 40 என்றால் 0.60-ஆல், 30 என்றால் 0.70-ஆல் வகுக்க வேண்டும். பங்கு பெரிதாக ஆக இந்த இரண்டு கணக்குக்கும் உள்ள இடைவெளியும் விரியும். 50 சதவீதம் கேட்கும் கடையில் டேக் 780 இருக்க வேண்டும். கூட்டிப் போட்டவர் 585 என்று எழுதி, 292.50 வாங்கிக்கொண்டு வருவார். அது அடக்கத்துக்கும் கீழே.

வரி எங்கே நிற்கிறது என்பதையும் டேக் எழுதுமுன் கேட்டுவிடுங்கள். கடை ஜிஎஸ்டி பதிவு பெற்று, தன் பெயரில் பில் போட்டால், வாடிக்கையாளர் தரும் 600-க்குள்ளேயே வரி இருக்கும். வரி 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அதில் 28.57 அரசுக்குப் போய்விடும், பங்கு பிரிக்க மிஞ்சுவது 571.43. அதில் 65 சதவீதம் 371.43. கடைக்காரர் வரி கழிக்காமல் முழு 600-க்கும் 35 சதவீதம் எடுத்தால் உங்களுக்கு 361.43-தான். ஆக, பங்கு வரிக்கு முன்னா பின்னா என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். வரிக்கு முந்தைய விலையில்தான் பங்கு என்று முடிவானால், டேக்கை 630 ஆக்கினால் 390 அப்படியே வரும்.

வெளி மாநிலக் கடை என்றால் இன்னொரு சிக்கல். பதிவு இல்லாதவர் மாநில எல்லை தாண்டிப் பொருள் விற்க ஜிஎஸ்டி சட்டம் பொதுவாக விடாது. கைவினைப் பொருட்களுக்கு மட்டும், விற்றுமுதல் வரம்புக்கு உட்பட்டு, பான் எண்ணும் இ-வே பில்லும் இருந்தால் விலக்கு உண்டு. விழுப்புரத்துக்காரருக்குப் புதுச்சேரி பக்கத்து ஊர்தான், சட்டத்தின் கண்ணில் அது எல்லை தாண்டுவது. இதில் ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

600 ரூபாய்க்குப் போகுமா?

கணக்கு 600 என்று சொல்கிறது. அதே அலமாரியில் இதே மாதிரிப் பை 450-க்கு இருந்தால்? இங்கே இரண்டு விதமாகத் தடுமாறுகிறார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டு 600 எழுதுகிறார்கள், பை ஆறு மாதம் தொங்குகிறது. சிலர் பயந்து 450 எழுதுகிறார்கள். பின்னால் இருந்து கணக்குப் போட்டால் 450-இல் 65 சதவீதம் 292.50. 340 செலவழித்ததை 292.50-க்குக் கொடுப்பது கட்டுபடி ஆகாது.

அலமாரி விலையைப் பங்கால் குறைத்து, அதற்குள் அடக்கம் வருமா என்று பார்ப்பதை முதல் பை தைக்கும் முன்பே செய்ய வேண்டும். வராவிட்டால் பையைத்தான் மாற்ற வேண்டும். லைனிங்கை எடுத்துவிட்டு ஓரத்தை மடித்துத் தைத்தால் துணியும் குறையும், கூலியும் குறையும். அல்லது அந்தக் கடைக்கு இந்தப் பையைக் கொடுக்காமல் ஜிப் பர்ஸ் மாதிரிச் சின்னப் பொருளைக் கொடுக்கலாம். கூலியில் கை வைப்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கடையில் ஒரு விலை, ஸ்டாலில் ஒரு விலை

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மேசை போடுகிறோம். கடைப் பங்கு இல்லையே என்று அதே பையை 450-க்குக் கொடுக்கிறோம், இன்ஸ்டாகிராமிலும் அதே விலை. கடைக்கு வரும் வாடிக்கையாளர் போனை எடுத்துக் காட்டி, "இவங்களே 450-க்குத் தர்றாங்களே?" என்று கேட்டால் கடைக்காரர் என்ன செய்வார்? சண்டை போட மாட்டார். உங்கள் பைகள் மெதுவாகக் கீழ்த்தட்டுக்குப் போய்விடும்.

நேரடி விற்பனையில் மிஞ்சும் 210 ரூபாயும் சும்மா வருவதில்லை. அதில் மேசை வாடகை, ஆட்டோ, நாள் முழுக்க நிற்கும் உங்கள் நேரம், கூரியர் எல்லாம் அடங்குகிறது. எங்கே விற்றாலும் டேக் விலை ஒன்றாகவே இருக்கட்டும். குறைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்றால் கடைக்குத் தராத வடிவத்தில் குறையுங்கள்.

ஆடி வந்தால்

வருஷம் முழுக்கச் சரியாகப் போன கணக்கு ஆடித் தள்ளுபடியில் உடையும். கடை வாசலில் 20 சதவீதம் என்று எழுதிவிடுவார்கள், உங்கள் பையும் அதில் சேர்ந்துவிடும். 600 ரூபாய்ப் பை 480-க்குப் போகிறது. (வரியை இங்கே விட்டுவிடுகிறேன்.) தள்ளுபடியை இருவரும் பகிர்ந்துகொண்டால் உங்களுக்கு 312. கடைக்காரர் பழைய விலையிலேயே தன் 210-ஐ எடுத்துக்கொண்டால் 270. இரண்டுமே 340-க்குக் கீழே. விற்பனை எக்கச்சக்கமாக நடந்த மாதத்தில் நஷ்டம் வருவது இப்படித்தான்.

எவ்வளவு வரை தாங்கும் என்பதையும் அதே வகுத்தலில் கண்டுபிடிக்கலாம். 340-ஐ 0.65-ஆல் வகுத்தால் 523. அதற்குக் கீழே பை போகக்கூடாது. 600-இல் இருந்து 523 என்றால் ஏறத்தாழ 13 சதவீதம். ஆக 10 சதவீதம் வரை கடைக்காரர் தன்னிஷ்டத்துக்குக் கொடுக்கலாம், இருவரும் அவரவர் பங்கு விகிதப்படி ஏற்போம், அதற்கு மேல் என்றால் என்னிடம் கேட்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம். ஆடிக்கென்றே தனியாக, லைனிங் இல்லாத பை தைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. நல்ல யோசனைதான்.

தாளில் இல்லாதது நினைவில் இருக்காது

பொருள் கொடுக்கும்போது ஒரு சலான், இரண்டு பிரதி. "நீலச் சுருக்குப் பை மாதிரி, சில" என்று எழுதினால் பிறகு எண்ண முடியாது. ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு எண், எத்தனை, டேக் விலை, பங்கு சதவீதம், கொடுத்த தேதி, கடைக்காரர் கையெழுத்து. விற்கும்வரை பொருள் எனக்குச் சொந்தம் என்ற வரியும் அதிலேயே இருக்க வேண்டும். கடையை மூடிவிட்டுப் போனாலோ, கடன்காரர்கள் வந்து நின்றாலோ, அந்த ஒரு வரிதான் உங்கள் பையை அவர் பொருளிலிருந்து பிரித்துக் காட்டும்.

டேக்கை இரண்டு பாதியாக அடித்து, நடுவில் கிழிக்க ஓட்டை வரிசை போட்டுக்கொள்வது எளிய வழி. இரண்டு பாதியிலும் அதே எண், அதே விலை. விற்றதும் கீழ்ப்பாதியைக் கிழித்துக் கடையில் ஒரு டப்பாவில் போட்டுவிடுவார்கள். மாதக் கடைசியில் டப்பாவில் உள்ள துண்டுகளையும் அலமாரியில் உள்ள பைகளையும் கூட்டினால் சலானில் உள்ள எண்ணிக்கை வர வேண்டும். வராவிட்டால் அது காணாமல் போனது. கடையில் இருக்கும்போது காணாமல் போனால் உங்கள் பங்கான 390-ஐ கடை தர வேண்டும் என்று முதலிலேயே பேசியிருந்தால் அந்த இடத்தில் வாக்குவாதம் வராது. பேசாமல் விட்டால், "யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க, எனக்கும்தான் நஷ்டம்" என்பதோடு முடிந்துவிடும்.

பணம் எந்தத் தேதிக்குள், எத்தனை மாதம் விற்காவிட்டால் திரும்ப எடுக்கலாம் என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் அசையாத பையை எடுத்து வேறு கடைக்கு மாற்றினால் பல நேரம் விற்றுவிடுகிறது. ஒரே அலமாரியில் வெளுக்க விட்டால் இருபதுக்கு ஒன்று என்று போட்ட கணக்கு இருபதுக்கு நான்காகிவிடும், அப்போது 600 என்ற டேக்கையே மறுபடி போட வேண்டி வரும்.