ரீபேட்ரியேஷன் லெட்டர்: ஒரே தேதியில் எல்லாவற்றையும் முடித்துவிடாதீர்கள்

வெளிநாட்டுப் பணி முடிந்து திரும்புகிறவருக்கு எழுதும் கடிதத்தில் நான் அதிகம் திருத்திய வரி இதுதான்: "ஜூன் 18 அன்று உங்கள் வெளிநாட்டுப் பணி முடிவடைகிறது, அன்றோடு எல்லா அலவன்ஸும் நிறுத்தப்படும்." படிக்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் கடிதம் வாங்குகிறவரின் வாழ்க்கை ஒரே நாளில் இடம் மாறுவதில்லை.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். அங்கே அவருடைய கடைசி வேலை நாள் ஜூன் 18. பிள்ளைக்குப் பள்ளி முடிவது ஜூன் 26. ஊர் திரும்பும் விமானம் 28. இங்கே வேலையில் சேரவேண்டியது ஜூலை 6. அங்குள்ள வீட்டு ஒப்பந்தமோ ஜூலை 31 வரை ஓடுகிறது. மேலே சொன்ன வரியை அப்படியே பேரோலுக்கு அனுப்பினால், 19ஆம் தேதியிலிருந்து வாடகை அவர் தலையில் விழும். அதோடு, ஜூன் 19 முதல் ஜூலை 5 வரை அவர் எந்தக் கணக்கில் இருக்கிறார்? விடுப்பா, பயண நாளா, சம்பளமில்லாத நாளா? கடிதத்தில் பதில் இல்லை.

ஆகவே தேதிகளைப் பிரித்து எழுதுங்கள். அங்கே கடைசி வேலை நாள், பயண நாள், இங்கே சேரும் நாள் மூன்றும் தனித்தனி வரியில் வரட்டும். இடையில் வரும் நாட்களில் எத்தனை நாள் இடமாற்ற விடுப்பு, எத்தனை நாள் அவருடைய சொந்த விடுப்பு என்றும் ஒரு வரி வேண்டும். அப்புறம் ஒவ்வொரு அலவன்ஸுக்கும் அதனதன் முடிவுத் தேதி. வாழ்க்கைச் செலவுப் படி அந்த நாட்டில் இருக்கும் கடைசி நாள் வரை போகலாம். வீட்டு வாடகை, ஒப்பந்தத்தை முறையாக முடிக்க முடிகிற நாள் வரை. கஷ்டப் பிரதேசப் படி இருந்தால், கடைசி வேலை நாளோடு. எதற்கு எந்தத் தேதி என்பது உங்கள் நிறுவனக் கொள்கையைப் பொறுத்தது. அது கடிதத்தில் இருக்கவேண்டும் என்பதே முக்கியம்.

பாதி மாதத்துக்கு எப்படிக் கணக்கிடுவது என்பதையும் பலர் விட்டுவிடுகிறார்கள். படி மாதம் 900 என்று வையுங்கள். ஜூன் 18 வரை காலண்டர் நாள் கணக்கில் 900 × 18 ÷ 30, அதாவது 540. அந்த ஜூனில் வேலை நாள் 22, பதினெட்டு வரை 14 என்றால், வேலை நாள் கணக்கில் 573 வருகிறது. தொகை சிறியதுதான். ஆனால் மாதத் தொடக்கத்திலேயே முழுப் படியையும் கொடுத்துவிட்டு, மீதியை ஜூலை சம்பளத்தில் பிடித்தால், ஊருக்கு வந்து வாங்கும் முதல் சம்பளமே குறைந்திருக்கும். எந்தக் கணக்கு, பிடித்தம் உண்டா, உண்டென்றால் எந்த மாதம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

சரி, பதவிக்கு வருவோம். "உங்கள் தகுதிக்கேற்ற பொறுப்பு வழங்கப்படும்" என்ற வாக்கியம் இருந்தால், அந்தக் கடிதத்தை அனுப்பவே வேண்டாம் என்பேன். பதவிப் பெயர், கிரேடு, யாருக்குக் கீழே, எந்த அலுவலகம், உள்ளூர் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று ஐந்தும் வேண்டும். பதவி இன்னும் முடிவாகவில்லையா? அப்படியே எழுதுங்கள்: இடைக்காலப் பொறுப்பு இது, கிரேடும் சம்பளமும் மாறாது, நிரந்தரப் பதவியை இந்தத் தேதிக்குள் தெரிவிப்போம். சம்பளத்தையும் அலவன்ஸையும் ஒரே மொத்தத் தொகையாகக் காட்டுவதும் தவறு. அலவன்ஸ் நின்றதும் சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள் என்றுதான் அவர் நினைப்பார். போனஸும் ஓய்வூதியப் பங்களிப்பும் எந்தத் தொகையை வைத்துக் கணக்கிடப்படும் என்பதிலும் குழப்பம் வரும்.

வரியைப் பற்றியும் ஒரு பத்தி இருக்கட்டும். வெளிநாட்டில் உழைத்த காலத்துக்கான போனஸ், அவர் திரும்பி வந்த பிறகு கைக்கு வரலாம். அதற்கு அந்த நாட்டிலும் வரி கேட்கலாம். அந்த வரியை யார் கட்டுவது, அந்த ஆண்டின் வரிக்கணக்குத் தாக்கலுக்கு நிறுவனம் ஆள் வைக்குமா என்று எழுதாவிட்டால், அடுத்த வருடம் அவருக்கு வரும் நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு உங்கள் மேஜைக்கே வருவார்.

இதையெல்லாம் சரியாக எழுதினாலும், தாமதமாகக் கொடுத்தால் பாதி வீண். வீட்டைக் காலி செய்ய இரண்டு மாத நோட்டீஸ் வேண்டுமென்றால், ஜூலை 31 அன்று ஒப்பந்தம் முடிய மே 31க்குள் வீட்டுக்காரருக்குத் தகவல் போகவேண்டும். மே 30 அன்று கடிதம் கொடுத்தால் அவருக்குக் கிடைப்பது ஒரே நாள். நான் வீட்டு நோட்டீஸ் நாளிலிருந்து பின்னோக்கி ஒரு மாதம் எண்ணி, இங்கே ஏப்ரல் கடைசி வாரத்தில், கடிதத்தைக் கையில் கொடுத்துவிடுவேன். படித்துப் பார்த்துக் கேள்வி கேட்க அவருக்கு ஒரு வாரம், திருத்தி அனுப்ப எனக்கு ஒரு வாரம், அதற்கப்புறம்தான் கையெழுத்து.