ஸ்டோருக்கே வராத அசெம்பிளி ஸ்டோரில் உட்கார்ந்தால்: ஃபேன்டம் பி.ஓ.எம்.மில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மோனோபிளாக் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் நான் பிளானிங் பார்த்தபோது, பி.ஓ.எம். என்ற உதிரிப் பட்டியலில் ரோட்டர் ஷாஃப்ட்டை ஃபேன்டமாக வைத்திருந்தோம். ஷாஃப்ட்டில் ரோட்டரை ஏற்றி, இரு பக்கமும் பேரிங் பிரஸ் செய்தால் அது ஒரு அசெம்பிளி. ஆனால் அது ஸ்டோருக்குப் போகாது. செய்த கையோடு அடுத்த மேஜையில் ஸ்டேட்டருக்குள் இறங்கிவிடும். டிராயிங்குக்காக அதற்கு ஒரு பார்ட் நம்பர் வேண்டும், தனி ஒர்க் ஆர்டர் வேண்டாம். அதனால்தான் ஃபேன்டம். லீட் டைம் பூஜ்யம், லாட் சைஸ் கேட்ட அளவு மட்டும். 100 பம்புக்கு எம்.ஆர்.பி. என்ற பொருள் தேவைக் கணக்கை ஓட்டினால், சிஸ்டம் இந்த அசெம்பிளிக்கு ஆர்டர் போடாமல் அதைத் தாண்டி நேராக 100 ரோட்டர், 100 ஷாஃப்ட், 200 பேரிங் என்று கேட்கும்.

நாங்கள் செய்த பெரிய தவறு, இதற்கு ஸ்டாக் இருக்கவே முடியாது என்று நம்பியது. ஒரு மாதம் கேசிங் வார்ப்பு வராமல் லைன் நின்றது. அதற்குள் 30 ரோட்டர் ஷாஃப்ட் தயாராகிவிட்டன. மேஜையை ஒதுக்க வேண்டும் என்பதற்காக சூப்பர்வைசர் அவற்றை ஸ்டோரில் கொடுத்தார், ஸ்டோரும் அட்ஜஸ்ட்மென்ட் போட்டு வாங்கிக்கொண்டது. பிறகு அடுத்த 100 பம்புக்குத் திட்டம் போட்டோம். உண்மையில் தேவைப்பட்டது 70 ரோட்டர், 70 ஷாஃப்ட், 140 பேரிங்தான். சிஸ்டம் கேட்டதோ முழு 100, 100, 200. பேரிங் மட்டுமே 60 அதிகமாக வந்து இறங்கியது. செய்து வைத்த முப்பதும் ரேக்கில் அப்படியே கிடந்தன.

பாடப்புத்தக எம்.ஆர்.பி.யில் ஃபேன்டத்துக்கு எப்போதாவது கையிருப்பு இருந்தால் அதைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் கீழே இறங்க வேண்டும். எல்லா மென்பொருளும் அப்படிச் செய்வதில்லை. எஸ்ஏபியில் ஃபேன்டம் என்று குறிக்க ஸ்பெஷல் புரொக்யூர்மென்ட் `50` கொடுத்த பொருளுக்குத் தேவை பதிவாவதே இல்லை. அது நேராக உதிரிகளின் மேல் போய் விழுகிறது, அதனால் அசெம்பிளியின் ஸ்டாக் கணக்குக்கே வராது. ஓடூவில் ஃபேன்டத்துக்கான `Kit` வகை கொடுத்தால், திரையில் தெரியும் கையிருப்பு உதிரிகளை வைத்துக் கணக்கிட்டது, ரேக்கில் இருக்கும் உருப்படி அல்ல. உங்கள் சிஸ்டம் எந்த வகை என்று அறிய, சோதனைப் பிரதியில் ஒரு ஃபேன்டத்துக்கு 5 ஸ்டாக் போட்டு எம்.ஆர்.பி. ஓட்டுங்கள். உதிரித் தேவை 5 குறைகிறதா என்று பாருங்கள்.

மிஞ்சியதைப் பிரித்து உதிரியாக வரவு வைத்துவிடலாம் என்று தோன்றும். ரோட்டர் ஷாஃப்ட்டில் அது சரிவராது. ஷாஃப்ட்டில் இறுகியிருப்பது பேரிங்கின் உள்வளையம். வெளிவளையத்தைப் பிடித்து இழுத்தால் விசை முழுவதும் உருண்டைகள் வழியாகப் போய் ஓடுதடத்தில் தடம் பதித்துவிடும். அந்த பேரிங் மோட்டாரில் இரைச்சல் போடும். அடுத்த ஒர்க் ஆர்டரை 30, 70 என்று பிரித்து, 30க்கான ஆர்டரின் உதிரிப் பட்டியலில் ரோட்டர், ஷாஃப்ட், பேரிங்கை எடுத்துவிட்டு, இருக்கும் அசெம்பிளியையே கையால் சேர்ப்பதுதான் நல்லது. அடுத்த எம்.ஆர்.பி. ஓட்டத்துக்கு முன்பே இதைச் செய்து, ஆர்டரை உறுதிப்படுத்திவிட வேண்டும். ஃபேன்டம் என்று குறித்த பொருள்களில் ஸ்டாக் பூஜ்யம் இல்லாதவை எவை என்று வாரம் ஒரு முறை எடுக்கும் ரிப்போர்ட் போதும், இது வெளியே தெரிந்துவிடும்.

இன்னொரு தவறு நேரம் சம்பந்தப்பட்டது. லீட் டைம் பூஜ்யம் என்பதால், பம்ப் அசெம்பிளி தொடங்கும் நாளுக்குத்தான் உதிரி கேட்கப்படும். ரோட்டருக்குப் பெயின்ட் அடித்து ஒரு நாள் காயவிட வேண்டும் என்றால், ஒவ்வொரு ஆர்டரிலும் ரோட்டர் ஒரு நாள் தாமதமாகவே வரும். வாங்கும் பிரிவு சரியான தேதிக்குக் கொண்டுவந்திருக்கும், ஆனாலும் லைன் காத்திருக்கும். காயவைத்து எடுத்து வைக்க வேண்டிய பொருள் ஃபேன்டம் ஆகாது. அதைச் சாதாரண அசெம்பிளியாக மாற்றி ஒரு நாள் லீட் டைம் கொடுங்கள்.

பேரிங் பிரஸ் செய்யும் வேலையையும் கவனியுங்கள். டைனமிக்ஸ் 365-ல் ஃபேன்டத்தின் ஆபரேஷன்களும் மேல் ஆர்டருக்குள் வந்துவிடும். எஸ்ஏபியில் உதிரிகள் மட்டுமே வரும், வேலைகளின் வரிசையான ரூட்டிங் வராது. அங்கே பிரஸ் வேலையைப் பம்பின் ரூட்டிங்கிலேயே எழுதாவிட்டால், அந்த மெஷினின் லோடும் கூலியும் எந்தக் கணக்கிலும் ஏறாது.

சர்வீஸ் பிரிவு ரோட்டர் ஷாஃப்ட்டை ஸ்பேராகக் கேட்கத் தொடங்கினால் நிலைமையே மாறிவிடும். அப்போது அது ஸ்டாக் வைக்க வேண்டிய பொருள். மெட்டீரியல் மாஸ்டரில் ஃபேன்டம் குறியை எடுத்துவிடுங்கள். பம்பின் பி.ஓ.எம். வரியில் மட்டும் ஃபேன்டம் என்று குறிக்க உங்கள் மென்பொருள் விட்டால், லைனுக்குப் போவது முன்போலவே ஓடும், ஸ்பேருக்குத் தனி ஆர்டர் விழும்.