பாத்திக்கு எத்தனை பை மண்? கணக்கு தப்பும் இடங்கள்

சிங்கப்பூரின் தேசியப் பூங்காக் கழகம் பூங்காக்களில் வாடகைக்கு விடும் தோட்டப் பாத்தி 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். பாத்தி கைக்கு வந்ததும் முதலில் வரும் கேள்வி, எத்தனை பை மண் வாங்குவது என்பதுதான். குறைந்துபோனால் இன்னொரு முறை டெலிவரிக் கட்டணம் கொடுக்க வேண்டும். கூடிப்போனால் மிச்சப் பைகளை வைக்க அடுக்குமாடி வீட்டில் இடம் ஏது?

கணக்கு என்னவோ ஒரு வரிதான். ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு மண் பரப்ப 10 லிட்டர் தேவை. ஆகவே:

பரப்பு (ச.மீ.) × ஆழம் (செ.மீ.) × 10 = லிட்டர்

இதைப் பையின் லிட்டரால் வகுத்தால் பைகளின் எண்ணிக்கை வந்துவிடும். பெருக்கலில் யாரும் தவறுவதில்லை. தவறு நடப்பது உள்ளே போடும் எண்களில்.

முதல் எண் பரப்பு. 2.5 மீட்டர், 1 மீட்டர் என்பது பெரும்பாலும் வெளி அளவாக இருக்கும். மண் நிற்பது உள்ளே. பாத்தியின் சுவர் எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். உள் நீளம் 2.4, உள் அகலம் 0.9 ஆகிவிடும். பரப்பு 2.5 சதுர மீட்டர் இல்லை, 2.16 தான். சுவரின் தடிமன் அற்பமாகத் தெரியலாம், ஆனால் வாங்கும் மண்ணில் ஆறில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட அதுவே கூட்டிவிடும். டேப்பை உள் விளிம்பிலிருந்து உள் விளிம்புக்குப் பிடியுங்கள்.

அடுத்தது ஆழம். அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். ஏற்கெனவே மண் இருக்கும் பாத்தியில் ஒரே ஒரு மூலையில் அளந்துவிட்டு அதையே முழுப் பாத்திக்கும் போடுவார்கள். மழைநீர் ஓடும் பக்கம் மண் இறங்கியிருக்கும், இன்னொரு பக்கம் மேடாக இருக்கும். நேரான கம்பு ஒன்றை விளிம்பின்மேல் குறுக்கே வைத்து, கம்பிலிருந்து மண் வரைக்கும் ஐந்து இடங்களில் அளக்க வேண்டும். உதாரணமாக 14, 15, 19, 18, 14 என்று வருகிறது. சராசரி 16 சென்டிமீட்டர்.

அந்த 16-ஐயும் மண்ணால் நிரப்பக் கூடாது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. விளிம்பு வரை மண் போட்டால், ஒரு பெருமழையில் மேல்மண் வழிந்து நடைபாதைக்குப் போய்விடும். மேலே 3 சென்டிமீட்டராவது காலியாக விடுங்கள். மண்ணின்மேல் மரச்சில்லு பரப்பி மூடாக்குப் போடுவதாக இருந்தால் அதற்கும் 5 சென்டிமீட்டர் ஒதுக்க வேண்டும். இதை மறந்து மண்ணை நிரப்பியவர்கள், பிறகு மூடாக்குக்கு இடமில்லாமல் புதிதாகப் போட்ட மண்ணையே அள்ளி வெளியே கொட்டுவார்கள். சரி, 16-இல் 8 போனால் மண்ணுக்கு மிச்சம் 8 சென்டிமீட்டர்.

2.16 × 8 × 10 = 173 லிட்டர். இத்துடன் நிறுத்திக்கொண்டால் மண் குறையும். பையிலிருந்து கொட்டும் மண்ணுக்குள் காற்று நிறைய இருக்கிறது. இரண்டு மூன்று முறை நன்றாகத் தண்ணீர் விட்டதும் அது படிந்து இறங்கும். பொலபொலப்பான மண் ஐந்தில் ஒரு பங்கு வரை இறங்குவதுண்டு. இதைத் தெரிந்தவர்கள்கூட 173-உடன் 20 சதவீதத்தைக் கூட்டி 208 என்பார்கள். ஆனால் கொட்டும் மண்ணில் 80 சதவீதம்தானே நிலைக்கப் போகிறது? எனவே 0.8-ஆல் வகுக்க வேண்டும்: 216 லிட்டர். 25 லிட்டர் பை என்றால் 8.64, அதாவது 9 பைகள். முழு எண்ணாக்குவதைக் கடைசியில் ஒரே ஒரு முறை செய்தால் போதும். படியாமல் இருக்கட்டும் என்று மண்ணை மிதித்து இறுக்குவது மட்டும் வேண்டாம், வேருக்கு வேண்டிய காற்று போய்விடும்.

வெளி அளவையும், ஆழமான மூலையின் 19 சென்டிமீட்டரையும் போட்டுப் பார்த்தால் 475 லிட்டர், 19 பைகள் வரும். அதே பாத்திக்குத்தான்.

இனி பை. நர்சரியில் சில பைகளில் லிட்டர் இருக்கும், சிலவற்றில் கிலோ மட்டும் இருக்கும். கிலோவையும் லிட்டரையும் ஒன்றாக நினைப்பது பெரிய தவறு. களியும் மணலும் கலந்த மேல்மண் லிட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேலேயே இருக்கும். தென்னைநார்த் தூளும் மக்கிய உரமும் கூடுதலாகக் கலந்த மண் அரைக் கிலோவை ஒட்டி இருக்கும். 216 லிட்டருக்குப் பதிலாக 216 கிலோ வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 1.2 கிலோ எடையுள்ள மண்ணானால் 180 லிட்டர்தான் கிடைக்கும், பாத்தி நிறையாது. லிட்டருக்கு 0.6 கிலோ என்றால் 360 லிட்டர் வந்து குவியும். போதாததற்கு ஈரம் வேறு. கூரையில்லாத இடத்தில் மழை குடித்த பை கனக்கும், உள்ளே மண் ஒரு பிடியும் கூடியிருக்காது.

கிலோ மட்டும் போட்டிருந்தால் முதலில் ஒரே ஒரு பை வாங்குங்கள். 10 லிட்டர் வாளியில் அழுத்தாமல் கொட்டி எத்தனை வாளி வருகிறது என்று எண்ணுங்கள். ஒன்றரை வாளி என்றால் அது 15 லிட்டர் பை. அதை வைத்து மிச்சத்தை ஆர்டர் செய்யலாம். அழுத்திக் கட்டியாக்கி விற்கும் தென்னைநார்த் தூளுக்கு நேர்மாறு: 5 கிலோ கட்டி தண்ணீரில் ஊறினால் 60 லிட்டருக்கு மேல் உப்பும். அதற்கு ஊறிய பிறகுள்ள அளவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் கால்குலேட்டர்கள் பல அமெரிக்க அளவுக்குச் செய்யப்பட்டவை. கன அடியில் விடை சொல்லும். ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டர். பரப்பை அடியிலும் ஆழத்தை அங்குலத்திலும் வைத்து நீங்களே பெருக்கினால், அங்குலத்தை முதலில் 12-ஆல் வகுக்க மறக்காதீர்கள். மறந்தால் விடை 12 மடங்காகிவிடும். நம் ஊர்ப் பைகளுக்கு மீட்டர், சென்டிமீட்டர், லிட்டர் என்றே போவது நல்லது.

மூடாக்குக்கும் அதே வரிதான்: 2.16 × 5 × 10 = 108 லிட்டர். 50 லிட்டர் பையில் இரண்டுக்குச் சற்று அதிகம். இங்கே மூன்றாவது பை வேண்டாம் என்பேன். இரண்டு பையே 4.6 சென்டிமீட்டர் வரும், தண்டைச் சுற்றி நாலு விரல் இடமும் விட வேண்டியிருக்கிறது. தண்டோடு ஒட்டிக் குவித்த மரச்சில்லு ஈரம் கோத்துத் தண்டை அழுக வைக்கும்.

நம் வெயிலிலும் மழையிலும் மூடாக்கு சீக்கிரம் மக்கிக் குறையும். அப்போது பலர் பழையதைக் கணக்கில் சேர்க்காமல், இன்னொரு 5 சென்டிமீட்டரை அதன்மேலேயே போடுகிறார்கள். தடித்துப்போன மூடாக்கில் சிறு தூறலின் தண்ணீர் மண்ணுக்கு இறங்காமல் மேலேயே நின்றுவிடும். விரலால் விலக்கி, இருப்பது எவ்வளவு என்று பாருங்கள். 3 சென்டிமீட்டர் இருந்தால் தேவை 2 சென்டிமீட்டர்தான்: 43 லிட்டர், ஒரே பை.