மாய்ஸ்சரைசர் டப்பாவில் 1 சதவீதக் கோடு

டப்பாவின் முன்பக்கம் ‘பாதாம் எண்ணெய்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பின்பக்கப் பட்டியலில் ஃபீனாக்ஸிஎத்தனால் எங்கே என்று பாருங்கள். க்ரீம் கெடாமலிருக்கச் சேர்க்கும் இதற்கு உச்சவரம்பு 1 சதவீதம். பட்டியல் அளவு குறையும் வரிசையில் வரும் என்பதால், அதற்குப் பின்னால் பாதாம் எண்ணெய் இருந்தால் அது பேருக்குத்தான். 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். எனவே சற்று முன்னால் இருப்பதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம்.

ஈரத்தை இழுத்துப் பிடிக்கும் கிளிசரின் முதல் ஐந்து பெயர்களுக்குள் இருக்கட்டும். வறண்ட சருமம் என்றால் ஈரம் வெளியேறாமல் தடுக்கும் ஷியா பட்டரோ பெட்ரோலேட்டமோ மேலேயே வேண்டும். சருமத்தில் இயல்பாகவே இருக்கும் கொழுப்பான செராமைடு கடைசியில் வந்தால் பரவாயில்லை, குறைந்த அளவிலேயே வேலை செய்யும். வாசனைப் பொருளும் அப்படித்தான்: அரிப்பெடுக்கும் சருமத்துக்கு ‘பர்ஃப்யூம்’ கடைசி வரியில் இருந்தாலும் ஆகாது.