எச்டிஎல் உயர்ந்தது, மாரடைப்பு குறையவில்லை: நியாசின் குறித்துத் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிகோடினிக் அமிலம் இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் என்று முதன்முதலில் தெரிய வந்தது 1955ஆம் ஆண்டில். பி3 வைட்டமினின் ஒரு வடிவமான இதையே மருத்துவ உலகம் நியாசின் என்று அழைக்கிறது. வைட்டமின் என்ற அளவில் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவது 14 முதல் 16 மில்லிகிராம்தான்; கொழுப்பைக் குறைப்பதற்குக் கொடுக்கப்பட்டதோ 1,500 முதல் 3,000 மில்லிகிராம் வரை. அந்த அளவில் அது 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்டிஎல்லையும் டிரைகிளிசரைடையும் குறைத்தது, 'நல்ல கொழுப்பு' எனப்படும் எச்டிஎல்லைப் புழக்கத்தில் இருந்த வேறு எந்த மருந்தையும்விட நன்றாக உயர்த்தியது. பரிசோதனை அறிக்கையின் எல்லா வரிகளும் ஒரே நேரத்தில் சீரானதால், நோயாளிக்கும் அதே அளவு நன்மை கிடைத்திருக்கும் என்று மருத்துவர்கள் நம்பினார்கள். முதல் தவறு இந்த நம்பிக்கையில்தான் இருந்தது.

எச்டிஎல் குறைவாக உள்ளவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வருகிறது என்பது உண்மை. ஆனால் அதை மருந்தால் உயர்த்தினால் மாரடைப்பு குறையுமா என்பது வேறு கேள்வி. அதற்குச் சோதனை மட்டுமே விடை சொல்ல முடியும். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஏய்ம்-ஹை ஆய்வில், ஏற்கெனவே இதயநோயோ இரத்தக்குழாய் நோயோ இருந்த 3,414 பேருக்கு ஸ்டாட்டின் என்ற கொழுப்புக் குறைப்பு மருந்தைக் கொடுத்து எல்டிஎல்லை நன்கு குறைத்த பிறகு, ஒரு பாதியினருக்கு மெதுவாகக் கரையும் நியாசினும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. அவர்களுடைய எச்டிஎல் 35இலிருந்து 42 ஆக உயர்ந்தது. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற முதன்மை நிகழ்வுகள் நியாசின் பிரிவில் 16.4 விழுக்காட்டினருக்கும், மறுபிரிவில் 16.2 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டன. பயன் தெரிய வாய்ப்பில்லை என்று கண்டு 2011இல் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள்.

இந்த ஆய்வுக்கு நியாயமான ஒரு மறுப்பு இருந்தது. நியாசின் உட்கொண்டால் முகமும் மார்பும் சிவந்து எரியும் என்பதால், யார் எந்தப் பிரிவில் இருக்கிறார் என்பது எளிதில் வெளிப்பட்டுவிடும். அதைத் தவிர்க்க, மறுபிரிவினருக்குக் கொடுத்த மருந்துப்போலி மாத்திரையிலும் சிறிதளவு நியாசின் கலந்திருந்தார்கள்; அதனால் இரு பிரிவுகளுக்கும் இடையிலான வேறுபாடு மங்கியிருக்கலாம் என்பதே அந்த மறுப்பு. ஆட்களின் எண்ணிக்கையும் போதாது என்று சிலர் கருதினார்கள். இந்த ஐயங்களைத் தீர்த்தது, 2014இல் முழு முடிவுகள் வெளியான எச்பிஎஸ்2-த்ரைவ் ஆய்வு. பிரிட்டன், ஸ்காண்டிநேவிய நாடுகள், சீனா ஆகிய இடங்களைச் சேர்ந்த 25,673 பேர் அதில் கலந்துகொண்டார்கள். முகச் சிவப்பைத் தணிக்க லாரோபிபிரான்ட் என்ற மருந்து நியாசினுடன் சேர்க்கப்பட்டது. மறுபிரிவினரின் மாத்திரையில் நியாசின் அறவே இல்லை.

அதன் கணக்கை ஒருமுறை நாமே போட்டுப் பார்ப்பது நல்லது. நியாசின் பிரிவில் எல்டிஎல் சராசரியாக 10 புள்ளி குறைந்தது, எச்டிஎல் 6 புள்ளி உயர்ந்தது. ஸ்டாட்டின் ஆய்வுகளின்படி எல்டிஎல் ஏறத்தாழ 39 புள்ளி குறைந்தால் பெரிய இரத்தக்குழாய் நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைகின்றன. அப்படியானால் 10 புள்ளிக்கு ஐந்தாறு விழுக்காடு குறைய வேண்டும். எச்டிஎல் உயர்வும் தன் பங்குக்கு உதவியிருந்தால் அதைவிடக் கூடுதலாகக் குறைந்திருக்க வேண்டும். ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த விடை இது: நிகழ்வுகள் மறுபிரிவில் 13.7 விழுக்காடு, நியாசின் பிரிவில் 13.2 விழுக்காடு. அதாவது ஒப்பீட்டளவில் 4 விழுக்காடு குறைவு. அதுவும் தற்செயலாக நேர்ந்திருக்கக்கூடிய அளவு. எச்டிஎல் உயர்வின் பங்காகத் தனியே எண்ணிக் காட்ட எதுவும் மிஞ்சவில்லை.

நன்மையை மட்டும் எண்ணிவிட்டு, தீங்கை 'கொஞ்சம் முகம் சிவக்கும்' என்று கடந்து போவது இரண்டாவது தவறு. அதே ஆய்வில் சர்க்கரை நோய் இல்லாதிருந்தவர்களில், மறுபிரிவில் 4.3 விழுக்காட்டினருக்கும் நியாசின் பிரிவில் 5.7 விழுக்காட்டினருக்கும் புதிதாகச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்டது. ஏற்கெனவே அந்த நோய் இருந்தவர்களில், சர்க்கரைக் கட்டுப்பாடு கடுமையாகக் கெட்டுப்போனவர்கள் 7.5 விழுக்காட்டிலிருந்து 11.1 விழுக்காடாக உயர்ந்தார்கள். ஆயிரம் பேருக்கு என்று கணக்கிட்டால், இரத்தக்குழாய் நிகழ்வு குறைந்தவர்கள் ஐந்து பேர், அதுவும் உறுதியில்லை; சர்க்கரை நோய் இல்லாத ஆயிரம் பேரில் அதைப் புதிதாகப் பெற்றவர்களோ சுமார் பதினான்கு பேர் கூடுதல். கடுமையான தொற்றுகளும் இரத்தக்கசிவும்கூட அதிகமாயின. மருந்தைத் தாங்க முடியாதவர்கள் தொடக்கச் சோதனைக் காலத்திலேயே விலக்கப்பட்ட பிறகு கிடைத்த எண்கள் இவை என்பதை மறந்துவிடக் கூடாது. பொதுவான நோயாளிகளிடம் நிலைமை இதைவிட மோசமாகவே இருக்கும் என்று கருதுகிறேன். கெடுதல் லாரோபிபிரான்டால் வந்திருக்கலாமே என்று கேட்கலாம். தீங்கின் ஒரு பகுதிக்கு அது பொருந்தக்கூடும்; ஆனால் அந்த மருந்து இல்லாத ஏய்ம்-ஹை ஆய்விலும் பயன் கிடைக்கவில்லை. அந்தக் கூட்டு மாத்திரை 2013இல் ஐரோப்பாவில் திரும்பப் பெறப்பட்டது. ஸ்டாட்டினுடன் சேர்த்து நியாசின் கொடுப்பதற்கு அளித்திருந்த அனுமதியை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016இல் விலக்கிக்கொண்டது.

பழைய ஆய்வைக் காட்டி இதற்கு மறுப்புச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1975இல் வெளியான கொரோனரி டிரக் ப்ராஜெக்ட் ஆய்வில், நாளொன்றுக்கு 3 கிராம் நியாசின் எடுத்தவர்களிடம் உயிருக்கு ஆபத்தில்லாத மாரடைப்பு குறைந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் ஸ்டாட்டின் என்ற மருந்து வகையே புழக்கத்துக்கு வராத காலத்தவர்கள். எல்டிஎல் ஏற்கெனவே நன்கு குறைக்கப்பட்ட இன்றைய நோயாளிக்கு அந்த முடிவை அப்படியே பொருத்துவது சரியாகாது.

மருந்துச் சீட்டு இல்லாமல் நியாசினை வாங்கி உட்கொள்பவர்கள் செய்யும் தவறு வேறு வகையானது. எனக்கு அதிகக் கவலை தருவதும் அதுதான். புட்டியில் 'பி3' என்று இருந்தால் எல்லாம் ஒன்றே என்று எண்ணிவிடுகிறார்கள். நிகோடினமைடும் பி3தான், ஆனால் அது கொழுப்பைக் குறைப்பதில்லை. முகம் சிவக்காது என்று விற்கப்படும் இனோசிட்டால் வகையிலிருந்து நிகோடினிக் அமிலம் போதிய அளவில் இரத்தத்துக்கு வருவதில்லை. சிவப்பு வராததற்கும் கொழுப்பு குறையாததற்கும் காரணம் ஒன்றே. உடனே கரையும் நியாசின் முகத்தை அதிகம் சிவக்கச் செய்யும். மிக மெதுவாகக் கரையும் வகையில் சிவப்பு குறைவு, ஆனால் கல்லீரல் பாதிப்பு அதிகம். எனவே உடனே கரையும் வகையில் நாளுக்கு 2 கிராம் எடுத்துவந்த ஒருவர், எரிச்சல் தாங்காமல் அதே 2 கிராமை மிக மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினால், சுகமாக இருப்பதாக நினைத்துக்கொண்டே கல்லீரலைக் கெடுத்துக்கொள்ளக்கூடும்.

பசியின்மை, குமட்டல், சோர்வு, சிறுநீர் அடர்நிறமாதல் ஆகியவை தோன்றினால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பலரும் தவறவிடும் இன்னோர் அறிகுறியும் உண்டு. அளவை மாற்றாமலேயே எல்டிஎல் திடீரென வெகுவாகக் குறைந்தால், மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. கொழுப்புத் துகள்களை உருவாக்கி இரத்தத்தில் விடுவது கல்லீரல். அது நலிந்தால் அந்த உற்பத்தியும் சரிந்துவிடும். அப்போது ஏஎல்டி, ஏஎஸ்டி ஆகிய கல்லீரல் நொதிகளின் அளவைப் பார்க்காமல் அடுத்த மாத்திரையை விழுங்கக் கூடாது.