தாளில் எட்டுக் கட்டம் போட்டு பைனரி பழகலாம்

0, 1 இரண்டை மட்டும் வைத்து எண்களை எழுதும் முறைதான் பைனரி. ஒரு தாளின் மேல்பக்கத்தில் எட்டுக் கட்டங்கள் போடுங்கள். வலது ஓரக் கட்டத்தின் தலையில் 1 எழுதி, இடப்பக்கம் நகர நகர இரட்டித்துக்கொண்டே போங்கள்.

```
128  64  32  16   8   4   2   1
```

இவைதான் இடமதிப்புகள். இந்த வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ஒவ்வொரு பயிற்சிக்கும் கையால் எழுதினாலே பதிந்துவிடும்.

முதலில் பைனரியிலிருந்து, நாம் அன்றாடம் எழுதும் பதின்மத்துக்கு. 100110 என்ற எண்ணை வலது ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கட்டங்களில் இறக்குங்கள். 1 விழுந்த கட்டங்களின் மதிப்பை மட்டும் கூட்டினால் போதும்: 32 + 4 + 2 = 38. புதிதாகப் பழகுகிறவர்கள் பலர் இதை இடது ஓரத்திலிருந்து நிரப்பிவிடுவார்கள். அப்போது 128 + 16 + 8 = 152 என்று வரும். அது 38-இன் சரியாக நான்கு மடங்கு. விடை இப்படி இரண்டு, நான்கு, எட்டு மடங்காகத் தவறினால் கூட்டலில் பிழை தேடாதீர்கள், கட்டம்தான் நகர்ந்திருக்கிறது.

அடுத்தது எதிர்த்திசை. 2-ஆல் வகுத்து மீதி எழுதும் முறையும் உண்டு. ஆனால் தொடக்கத்தில் கழித்துப் பார்ப்பதே நல்லது என்பேன், இடமதிப்பு கண்முன்னே இருக்கும். 173-ஐ எடுத்துக்கொள்வோம். 128 அதில் அடங்கும், எனவே 1 போட்டுக் கழித்தால் மீதி 45. 64 அடங்காது, 0. 32 அடங்கும், மீதி 13. 16 அடங்காது, 0. 8 அடங்கும், மீதி 5. 4 அடங்கும், மீதி 1. 2 அடங்காது, 0. கடைசிக் கட்டத்தில் 1.

```
128  64  32  16   8   4   2   1
  1   0   1   0   1   1   0   1
```

அடங்காத கட்டத்தைக் காலியாக விடாமல் 0 எழுதுங்கள். விட்டால் 11111 என்று சுருங்கி, 173 வெறும் 31 ஆகிவிடும்.

கணக்கு சரியாகப் போகிறதா என்று நடுவிலேயே சோதிக்கலாம். ஒரு கட்டத்தை முடித்ததும் மீதி, அந்தக் கட்டத்தின் மதிப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஏனென்றால் 64-க்கு வலப்பக்கம் இருக்கும் எல்லாவற்றையும் கூட்டினாலும் 63தான். அதற்குமேல் மீதி வந்தால், அதை வைக்க இடமே இல்லை. அப்புறம், ஒற்றைப்படை எண் என்றால் கடைசி இலக்கம் 1 ஆகத்தான் இருக்கும்.

சரி, இப்போது உங்கள் முறை. 13, 26, 52, 104 நான்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக மாற்றுங்கள். 13-க்கு 1101 வரும், அதே வடிவம் ஒவ்வொரு வரியிலும் ஒரு கட்டம் இடப்பக்கம் நகரும். 208 வரை இது எட்டுக் கட்டத்துக்குள் நிற்கும். 416-க்கு இடது ஓரத்தில் 256 என்று ஒன்பதாவது கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.