துள்ளும் கிணற்று அளவுக்கு நாலு வரி

அம்பாசமுத்திரம் பக்கம் வயல்கிணற்றில் அல்ட்ராசோனிக் சென்சார் மாட்டினால், தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். அளவீடு மட்டும் துள்ளும். துள்ளலை அடக்க, ஒவ்வொரு அளவீடு z வரும்போதும் இந்தக் கால்மன் வடிகட்டியை ஓட்டுங்கள்:

```
P = P + Q
K = P / (P + R)
x = x + K*(z - x)
P = (1 - K)*P
```

x நம் கணிப்பு, P அதன் பிழை மாறுபாடு. K, புது அளவீட்டை எவ்வளவு நம்புவது என்ற பங்கு. R சென்சார் இரைச்சலின் மாறுபாடு. மோட்டார் ஓடாத நேரத்து அளவீடுகளிலிருந்து எடுக்கலாம். Q, அடுத்த அளவீட்டுக்குள் மட்டம் நகரக்கூடியதன் மாறுபாடு.

x=420 செ.மீ., P=4, Q=1, R=20 என்போம். P முதலில் 5 ஆகும்; K=5/25=0.2. சென்சார் 430 காட்டினாலும் x 422-க்குத்தான் போகும். P மறுபடி 4, ஆகவே K இனி 0.2-லேயே நிற்கும்.

Q-வை மட்டும் 0 ஆக்கிவிடாதீர்கள். P தேய்ந்து, K பூஜ்யத்தை நெருங்கி, புது அளவீட்டைக் கணிப்பு காதிலேயே வாங்காது. z-x தொடர்ந்து ஒரே குறியில் வந்தால் Q போதவில்லை, கூட்டுங்கள்.